தமிழ்ல பேசினா சீனத்துல வேற விழுது: போனை நம்பி எம்பிராய்டரி மெஷின் பேசப் போன அனுபவம்

17,200 யுவான் போச்சுங்க. நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் மேல. யாரும் என்னை ஏமாத்தல, மெஷின் கம்பெனியில என்கிட்ட பேசின சீனாக்காரம்மா அவங்க கணக்குப்படி சரியாத்தான் நடந்துக்கிட்டாங்க. நான் சொன்னது அவங்களுக்கு வேற மாதிரி போச்சு, அவங்க சொன்னது எனக்கு வேற மாதிரி வந்துச்சு, நடுவுல இருந்தது என் போன்தான். திருப்பூர்ல இப்ப நிறைய பேரு ஏஜென்ட் கமிஷன் மிச்சம் பண்ணலாம்னு நேராவே சீனா போயி மெஷின் பேசுறாங்க, பாஷை தெரியாதேன்னு கேட்டா "அதான் போன்லயே பேசப் பேச மொழிபெயர்க்குதே"ங்கறாங்க. போறதுக்கு முன்னாடி நானும் அதையேதான் சொல்லிட்டு திரிஞ்சேன். அது என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு அப்ப யாரும் எனக்கு சொல்லல, அதனால நானே எழுதிர்றேன். ஆப் பேரு, கம்பெனி பேரு எதுவும் சொல்லப் போறதில்ல, ஏன்னா இது ஒரு ஆப்போட பிரச்சனை இல்ல, ரெண்டு மூணு ஆப் மாத்திப் பாத்தும் அதே இடத்துலதான் இடிச்சுது.

நான் சின்னதா ஒரு எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேன். பனியன், குழந்தைங்க டிரெஸ்னு வர்ற பீஸுக்கு பூ, லோகோ போட்டுக் குடுக்குறது. ஆறு தலை மெஷின் ஒன்னு வாங்கணும்னு ரொம்ப நாளா கணக்குப் போட்டுட்டு இருந்தேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், தலைன்னா ஊசி செட்டு இருக்கற ஹெட், ஆறு தலைன்னா ஒரே நேரத்துல ஆறு துணியில ஒரே டிசைன் ஓடும். இந்த மெஷின் செய்யற கம்பெனிங்க சீனாவுல ஜெஜியாங் மாகாணத்துல ஜூஜிங்கற ஊர்ப் பக்கம் நிறைய இருக்கு, ஹாங்ஜோவுல இறங்கி ட்ரெயின் புடிச்சா போயிரலாம். கூட வர்றேன்னு சொன்ன மச்சான் கடைசி நேரத்துல வரல, தனியாத்தான் போனேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்லயே டெஸ்ட் பண்ணேன். போனை வாய்கிட்ட வச்சு "இந்த இயந்திரத்தின் விலை என்ன? எத்தனை நாட்களில் அனுப்புவீர்கள்?"ன்னு செய்தி வாசிக்கற மாதிரி பேசினேன். அழகா எழுதுச்சு, சீனத்துல பேசுச்சு, அந்த சீனத்தை மறுபடி தமிழ்ல போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட அதே வாக்கியம் திரும்பி வந்துச்சு. வீட்டுக்காரி கூட "பரவால்லயே"ன்னா. ஆனா மெஷின் கடையில நின்னுட்டு எந்த மனுசனும் அப்படி பேச மாட்டான். "ஏனுங்க, இது என்ன ரேட்டு, எப்ப அனுப்புவீங்க"ன்னுதான் வாயில வரும். அதனால டெஸ்ட் பண்ணணும்னா கிளம்பறதுக்கு முன்னாடி பக்கத்து யூனிட் ஆளைக் கூப்பிட்டு நிஜமாவே பேரம் பேசற மாதிரி பேசி, மெஷின் சத்தத்துல பேசி, என்ன எழுதுதுன்னு பாருங்க. படிச்சுக் காட்டறது டெஸ்டே இல்ல.

இன்னொரு விசயம், சீனாவுக்குள்ள கூகுள், வாட்ஸப் ரெண்டும் ஓடாது. கூகுள் டிரான்ஸ்லேட்டை 2022லயே அங்க நிறுத்திட்டாங்க. நம்ம ஊர் சிம்மை ரோமிங்ல போட்டுட்டுப் போனா ஓடும், ஏன்னா அந்த டேட்டா நம்ம ஊர் கம்பெனி வழியா சுத்திட்டு வருது. ஹோட்டல் வைஃபையில மாத்தின உடனே நின்னுரும். அங்க வாட்ஸப்புக்கு பதிலா எல்லாரும் வச்சிருக்கற வீசாட் ஆப்பை நம்ம ஊர்ல 2020லயே தடை பண்ணியாச்சு. அதனால ரோமிங் பேக்கை பெருசாவே போட்டுக்குங்க.

இறங்கின முதல் நாள் ஹோட்டல், டாக்சி, சாப்பாடு எல்லாம் நான் இங்கிலீஷ்லதான் பேசினேன், பழக்க தோசம். எனக்கு இங்கிலீஷ் ஓட்ட இங்கிலீஷ்தான், பத்தாவதோட நின்னவன். ஆனா "சிக்கன் ஓகே, நோ போர்க், நோ பீஃப்"னு சொன்னா டக்குன்னு சீனத்துல போயிருச்சு, அவங்களும் தலையாட்டினாங்க. நமக்கு இங்கிலீஷே இவ்வளவு நல்லா போகுதுன்னா தமிழ் இன்னும் நல்லா போகும், நாளைக்கு மெஷின் பேசறப்ப நம்ம பாஷையிலயே தெளிவா பேசிக்கலாம்னு நெனச்சேன். அங்கதான் விசயமே தலைகீழா இருந்துச்சு. என்னோட ஓட்ட இங்கிலீஷு என்னோட நல்ல தமிழை விட பல மடங்கு சுத்தமா போய்ச் சேருது.

இது ஏன்னு ஊருக்கு வந்தப்பறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். போன்ல பேசினா உள்ள மூணு வேலை நடக்குது. மொதல்ல நீங்க பேசினதை எழுத்தா மாத்தும், அப்பறம் அந்த எழுத்தை இன்னொரு பாஷைக்கு மாத்தும், கடைசியா அதை வாசிச்சுக் காட்டும். மொத வேலையில ஒரு எழுத்து தப்பா விழுந்தா அடுத்த ரெண்டும் அந்த தப்பை ரொம்ப அழகா செஞ்சு முடிச்சுரும். தப்பான வாக்கியமும் நல்ல குரல்ல, நல்ல இலக்கணத்தோட வர்றதாலதான் நமக்கு சந்தேகமே வர்றதில்ல. மொத வேலையை நல்லா செய்யணும்னா அந்த பாஷையில மனுசங்க பேசின ஆடியோவும் அதுக்கான எழுத்தும் மலையளவு வேணும். ஓப்பன்ஏஐ கம்பெனி 2022ல விஸ்பர்ங்கற பேச்சு மாடல் வெளியிட்டப்ப எந்த பாஷைக்கு எத்தனை மணி நேர ஆடியோ போட்டோம்னு கணக்கு குடுத்திருந்தாங்க. சீனத்துக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல. தமிழுக்கு 140 கூட இல்ல. இங்கிலீஷ் நாலு லட்சத்துக்கும் மேல. நான் யூஸ் பண்ணது வேற ஆப்தான், இருந்தாலும் இந்த வித்தியாசத்தைப் பாத்ததும் எனக்கு பாதி பதில் கெடச்சிருச்சு. அந்த கொஞ்ச தமிழும் எந்த மாதிரி தமிழா இருக்கும்னு பாருங்க, யாராவது பாத்து வாசிச்சதுதான் அதிகம் இருக்கும், கொங்குல ஒரு ஆளு பேரம் பேசினது எவ்வளவு இருக்கப் போகுது.

ரெண்டாவது வேலையிலயும் ஒரு சிக்கல் இருக்கு. தமிழும் சீனமும் பக்கத்து பக்கத்துல வச்சு மொழிபெயர்த்த எழுத்து உலகத்துல ரொம்ப கம்மி. தமிழ்–இங்கிலீஷ் ஓரளவு இருக்கு, இங்கிலீஷ்–சீனம் எக்கச்சக்கமா இருக்கு. அதனால தமிழ்ல இருந்து சீனத்துக்குப் போறது பல நேரம் இங்கிலீஷ் வழியா சுத்திட்டுத்தான் போகுது. ஸ்க்ரீன்ல அது தெரியாது. கோயமுத்தூர்ல இருந்து ஈரோட்டுக்குப் போக சென்னை போய் வர்ற மாதிரி. வழியில என்னென்ன தொலையுதுன்னு கேளுங்க.

மெஷின் கம்பெனிக்குள்ள போனதும் அந்தம்மா டீ குடுத்து உக்கார வச்சாங்க. பின்னாடி டெமோ மெஷின் ஓடிட்டே இருக்கு. நான் தமிழ்ல "தலை ஆறு வேணுமுங்க, ஊசி பன்னெண்டு"ன்னேன். அவங்க ஸ்க்ரீனைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க, சிரிச்சாங்க. என்னன்னு அதையே இங்கிலீஷ்ல போட்டுப் பாத்தா ரிவர்னு ஏதோ இருக்கு. ஆறுன்னா ஓடற ஆறுன்னு எடுத்துக்கிச்சு. நானும் சிரிச்சுட்டு விரல்ல ஆறு காட்டினேன், முடிஞ்சுது. இந்த மாதிரி தப்பு வந்தா கவலையே பட வேண்டாம், ரெண்டு பேருக்கும் தப்புன்னு தெரிஞ்சுருது, யாருக்கும் நட்டமில்ல. அர்த்தமுள்ள மாதிரியே வர்ற தப்புதான் காசைத் தின்னுது.

நாம பேசறப்ப "மெஷின் அனுப்பிட்டா மீதி பணம் போட்டுர்றேன்"னுதானே சொல்லுவோம். எழுத்துத் தமிழ்ல அது அனுப்பிவிட்டால். ஆனா "அனுப்பிட்டா"ன்னா அவ அனுப்பிட்டாள்னும் அர்த்தம் இருக்கு. எனக்கு அது "அவள் இயந்திரத்தை அனுப்பினாள், மீதியை செலுத்துகிறேன்"ங்கற மாதிரி போச்சு, நிபந்தனையே காணாமப் போயிருச்சு. நான் போட்ட கண்டிசன் அந்தம்மாவுக்கு கண்டிசனாவே போய்ச் சேரல. இது மாதிரியே நான் வாய்க்கு வாய் சொன்ன இன்னொன்னு, "பாக்கலாங்க." விலை சொல்றாங்க, பாக்கலாங்க. டெலிவரி சொல்றாங்க, பாக்கலாங்க. நம்ம ஊர்ல அதுக்கு அர்த்தம் இன்னும் முடிவு பண்ணல, பாதி நேரம் வேண்டாம்னே அர்த்தம். இங்கிலீஷ் வழியா போறப்ப அது "கேன்" ஆயிருது, சீனத்துல "கயி" ஆயிருது, கயின்னா அங்க ஆகட்டும், சரின்னு ஒத்துக்கறது. நான் நழுவற ஒவ்வொரு தடவையும் அந்தம்மா நான் சம்மதிச்சேன்னு நோட்டுல டிக் போட்டுட்டு இருந்திருக்காங்க. போன்ல பேசறப்ப நழுவல் பேச்சே ஆகாதுங்க. வேணும், வேண்டாம், நாளைக்கு சொல்றேன், இந்த மூணுக்குள்ளயே நில்லுங்க.

ஆட்டோ மோடுன்னு ஒன்னு இருக்கு, ரெண்டு பேரும் சும்மா பேசினா போதும், யாரு எந்த பாஷைன்னு அதுவே கண்டுபுடிக்கும்னு சொல்லுவாங்க. தமிழுக்கு அது சுத்தமா சரிப்படல. கொஞ்சம் மூச்சு விட்டா வாக்கியம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு அதோட வெட்டி அனுப்பிருது. இங்கிலீஷ்லயோ சீனத்துலயோ "இல்ல, மாட்டேன்"ங்கறது வாக்கியத்தோட முன்பாதியிலயே வந்துரும், வெட்டினாலும் பாதி அர்த்தம் தப்பிச்சுக்கும். நமக்கு அது கடைசியில உக்காந்திருக்கு. "முழுப் பணத்தையும் இப்பவே"ன்னு சொல்லி ஒரு செகண்ட் யோசிச்சுட்டு "குடுக்க முடியாதுங்க"ன்னேன், மொத பாதி மட்டும் போயி அந்தம்மா முகம் மலர்ந்துருச்சு. அதுக்கப்பறம் பட்டனை அழுத்திப் பேசற மோடுக்கு மாத்தினேன். நீங்களும் அதையே வைங்க, சொல்ல வேண்டியதை மனசுல முழுசா சொல்லிப் பாத்துட்டு ஒரே மூச்சுல பேசுங்க.

இனி நம்பர் கதை. சீனத்துல பத்தாயிரத்துக்கு வான்னு ஒரு சொல்லு. லட்சங்கறது கிடையாது, நம்ம ஒரு லட்சம் அவங்களுக்கு பத்து வான். அவங்க விலை சொன்னது "பா வான் லியு". பா எட்டு, லியு ஆறு. எட்டு வான், மேல ஆறு ஆயிரம், ஆக 86,000. ஆயிரங்கறதை பேச்சுல விட்டுருவாங்க, கேக்கறவங்களுக்குப் புரியும். என் ஸ்க்ரீன்ல 80,006ன்னு வந்துச்சு. மெஷினுக்கு யாரு ஆறு யுவான் சில்லறை வச்சு விலை சொல்லுவாங்கன்னு சந்தேகம் வந்து கால்குலேட்டரை நீட்டினேன், 86,000ன்னு அடிச்சுக் காட்டினாங்க. அப்பறம் டிஸ்கவுண்ட் பேசினப்ப ஸ்க்ரீன்ல "95 சதவீத தள்ளுபடி"ன்னு வந்துச்சு, அதையும் நம்பல, ஏன்னா அவங்க சொல்ற முறையில நாம குடுக்க வேண்டியது எவ்வளவோ அதைத்தான் நம்பரா சொல்லுவாங்க. அஞ்சு சதவீதம் குறைப்புன்னுதான் அதுக்கு அர்த்தம், அதுவும் ரெண்டு மெஷின் எடுத்தாத்தானாம். ஆக விலையில நான் ஏமாறல.

நாள்ல விழுந்துட்டேன். சீனத்துல பதினாலுக்கு "ஷி ஸி", நாப்பதுக்கு "ஸி ஷி". தெற்குப் பக்கம், ஜெஜியாங்லயும், நிறைய பேருக்கு ஷ வராது, ஸதான் வரும். அப்ப ரெண்டுமே "ஸி ஸி". ராகம் ஏத்தி இறக்கறதுலதான் வித்தியாசம், பின்னாடி மெஷின் கட கடன்னு ஓடறப்ப போனுக்கு அது எங்க கேக்கும். எனக்கு 14 நாள்னு வந்துச்சு. அவங்க சொன்னது 40. விலைக்கு கால்குலேட்டர் கேட்டவனுக்கு நாளுக்கு கேக்கத் தோணல, ஏன்னா 14 நாளுங்கறது நம்பற மாதிரியே இருந்துச்சு. இப்ப நான் யாருக்கு சொன்னாலும் மொதல்ல இதைத்தான் சொல்றேன், எந்த நம்பரா இருந்தாலும் சரி, விலை, நாள், ஊசி, வோல்ட்டு, எல்லாத்தையும் அவங்க கையால அடிச்சுக் காட்டணும். டெலிவரின்னா நாள் கணக்கு வேண்டாம், காலண்டரைக் காட்டி தேதியைத் தொடச் சொல்லுங்க.

அடுத்தது சமிக்கி. எனக்கு சமிக்கி வேலையும் ஓட்டணும். "இதுல சமிக்கி போடலாமா"ன்னு கேட்டேன், சமிக்கியை ஆப் வேற என்னமோ எழுதுச்சு, அதனால துணியில இருந்த சமிக்கியைத் தொட்டுக் காட்டி மறுபடி கேட்டேன். "கயி." போடலாம். உண்மைதான், அந்த மெஷின்ல போடலாம், ஆனா அதுக்கான சாதனம் தனியா வாங்கி மாட்டணும், அதுக்கு தனி விலை. நான் கேட்டது இந்த விலைக்குள்ள வருமான்னு, போய்ச் சேந்தது முடியுமான்னு. முடியுமாங்கற கேள்வியை வியாபாரத்துல கேக்கவே கூடாது. "86,000க்குள்ள என்னென்ன இருக்கு, எது இல்ல, லிஸ்ட் எழுதுங்க"ன்னு பேப்பரை நீட்டணும். எழுதினதை கேமரா வச்சு மொழிபெயர்த்தா பேச்சை விட பல மடங்கு நல்லா வருது, ஏன்னா காதுல கேட்டு எழுதற அந்த மொத வேலையே அங்க இல்ல.

கடைசியா அட்வான்ஸ். 30 சதவீதம், 25,800 யுவான். பேச்சுல அவங்க சொன்ன சொல்லு "திங்ஜின்". ஸ்க்ரீன்ல முன்பணம்னு வந்துச்சு. நான் முன்பணம்னா என்னன்னு நம்ம ஊர் வழக்கத்துல நெனச்சுக்கிட்டேன், சரிப்படலன்னா பேசி வாங்கிக்கறது. இருந்தாலும் கேக்காம விடல. "மெஷின் சரியில்லன்னா பணம் திரும்ப வராதா?"ன்னேன். அவங்க பதில் ஒரே சொல்லு, ஸ்க்ரீன்ல "ஆம்". நான் என்ன நெனச்சேன், ஆமா திரும்ப வரும். அவங்க சொன்னது, ஆமா, நீ சொன்னது சரி, வராது. இதுல கொடுமை என்னன்னா தமிழும் சீனமும் இதுல ஒரே குணம். "சாப்பிடலயா?"ன்னா நாமளும் "ஆமா, சாப்பிடல"ம்போம், அவங்களும் அப்படித்தான். இங்கிலீஷ்காரன்தான் "நோ"ம்பான். நேரா போயிருந்தா தப்பே வந்திருக்காது, நடுவுல இங்கிலீஷ் புகுந்து எந்த ஆமா எதுக்குன்னே தெரியாம ஆக்கிருச்சு. இல்லையா, வராதா, மாட்டீங்களான்னு முடியற கேள்வியே போன்ல கேக்காதீங்க. "பணம் திரும்ப வருமா வராதா"ன்னு ரெண்டையும் வச்சுக் கேளுங்க. சீனத்துலயும் அப்படிக் கேக்கறது ரொம்ப சகஜம், பதிலும் வெறும் ஆமா இல்லன்னு வராது, "தரப்படும்" இல்லன்னா "தரப்படாது"ன்னு முழுசா வரும்.

ஒப்பந்தம் சீனத்துல இருந்துச்சு, சிவப்பு முத்திரையோட. கேமரா வச்சு மொழிபெயர்த்தேன், அங்கயும் டெபாசிட்டுன்னுதான் வந்துச்சு. கையெழுத்து போட்டேன், வீட்டுக்காரி நம்ம பேங்க்ல இருந்து பணத்தை அவங்க கணக்குக்கு அனுப்பிவிட்டா. ஊருக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு மெஷின் கிளம்பிருச்சான்னு கேட்டா இன்னும் செய்யவே ஆரம்பிக்கல, 40 நாள்னு பதில். சமிக்கி சாதனத்துக்கு தனி பில்லு வந்துச்சு. நான் புடிச்சு வச்சிருந்த ஆர்டருக்கு அந்த தேதி ஆகாது, வேண்டாம், பணத்தை திருப்புங்கன்னேன். ஒப்பந்தப்படி கிடையாதுன்னுட்டாங்க. அந்த ராத்திரி தூக்கமே வரல. வீட்ல யாருகிட்டயும் சொல்லல, லட்சக் கணக்குல போச்சுன்னு எப்படி சொல்றது. கோவமும் யாரு மேல படறதுன்னு தெரியல, ஆப்பைத் திட்டினா அது ரொம்ப மரியாதையா மொழிபெயர்த்துக் குடுக்கும்.

தெரிஞ்சவங்க மூலமா ஈவூங்கற சீன மொத்த வியாபார ஊர்ல பர்ச்சேஸ் ஏஜென்ட்டா இருக்கற நம்ம மதுரை அண்ணன் ஒருத்தரைப் புடிச்சேன். "ஒப்பந்தத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி"ன்னாரு. பாத்த உடனே கேட்டாரு, "இதுல எந்த திங்ஜின்னு பாத்தீங்களா?" அப்பத்தான் தெரிஞ்சுது, திங்ஜின்னு ரெண்டு இருக்கு. 定金, 订金. உச்சரிப்பு, ராகம் எல்லாம் அச்சு அசல் ஒன்னு, காதால பிரிக்கவே முடியாது, சீனாக்காரங்களே எழுத்தைப் பாத்துத்தான் சொல்லுவாங்க. மொதல்ல இருக்கறது உறுதிப்பணம். வாங்கறவன் பின்வாங்கினா போனது போனதுதான், விக்கறவன் பின்வாங்கினா ரெண்டு மடங்கா திருப்பணும். ரெண்டாவது சாதாரண முன்பணம், வியாபாரம் நடக்கலன்னா திருப்பிக் கேக்கலாம். மொழிபெயர்ப்புல ரெண்டும் ஒரே டெபாசிட். என்னோடதுல இருந்தது மொத எழுத்து. வித்தியாசம் அந்த முதல் எழுத்துல மட்டும்தான், 定 மேல கூரை மாதிரி இருக்கும், 订 இடது பக்கம் சின்னதா ஒரு கொக்கி இருக்கும். இதை இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

ஆனா அண்ணன் இன்னொன்னும் சொன்னாரு. 2021ல இருந்து நடப்புல இருக்கற சீன சிவில் சட்டத்துல 586வது பிரிவுப்படி இந்த உறுதிப்பணம் மொத்த விலையில 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. மேல எவ்வளவு குடுத்திருந்தாலும் அது உறுதிப்பணக் கணக்குல சேராது. 86,000க்கு 20 சதவீதம் 17,200. நான் குடுத்தது 25,800. மிச்சம் 8,600ஐ கேக்கலாம். அவரே சீனத்துல ஒரு கடிதம் அடிச்சு பிரிவு நம்பரைப் போட்டு அனுப்பினாரு. அந்தம்மா சண்டை போடல, கொஞ்ச நாள்ல 8,600 திரும்பி வந்துச்சு, பேங்க் சார்ஜ் புடிச்சது போக. ஒருவேளை அவங்க 40 நாள்னு சொன்னதுக்கு எழுத்துல எதுவும் இல்லாம இருந்திருந்தா இன்னும் பேசியிருக்கலாம்னாரு, ஆனா ஒப்பந்தத்துல 40 தெளிவா இருந்துச்சு. கேமரா காட்டின தமிழ்லயும் 40தான் இருந்துச்சு, 14ன்னு காதுல விழுந்ததை மனசு புடிச்சுக்கிட்டதால கண்ணு அதுல நிக்கல.

மறுபடி வேற கம்பெனிக்குப் போனப்ப மொத்தமா முறையை மாத்தினேன். தமிழை ஓரமா வச்சுட்டு சின்னச் சின்ன இங்கிலீஷ், ஒரு வாக்கியத்துல ஒரே விசயம். யாரு செய்யணுங்கறதை விடாம சொல்றது, "யூ சென்ட் மெஷின். ஆஃப்டர் தட், ஐ பே"ன்னு. கேவலமாத்தான் இருக்கும், ஆனா பிசகாம போகுது. நம்ம இந்திய இங்கிலீஷ் உச்சரிப்பு இப்ப ஆப்புக்கெல்லாம் நல்லாவே புடிபடுது. இங்கிலீஷ் சுத்தமா வராதவங்க தமிழ்லயே பேசணும்னா ஆப்பை தமிழ்–சீனம்னு வைக்காதீங்க. தமிழ்–இங்கிலீஷ்னு வச்சு ஒரு போன்ல பேசி, வந்த இங்கிலீஷை யாராவது படிச்ச பசங்க ஊர்ல இருந்தே வாட்ஸப்ல பாத்து சரின்னு சொன்னப்பறம் அதை சீனத்துக்குப் போடுங்க. லேட் ஆகும், பரவால்ல. சில பேரு அதே ஆப்ல திருப்பிப் போட்டு செக் பண்ணுவாங்க, அது பாதிதான் உதவும், போனப்ப தப்பான அர்த்தத்துல போனது வர்றப்ப அதே தப்போட அழகா திரும்பி வந்து நமக்கு சரி மாதிரியே தெரியும். வேற ஆப்ல திருப்புங்க, இல்லன்னா "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க"ன்னு எதிராளியைக் கேளுங்க. அந்த ரெண்டாவதுதான் உருப்படி.

புது போன் வாங்கினா போன்காலையே மொழிபெயர்க்கும்னு விளம்பரம் பாத்து வாங்கறவங்களுக்கு ஒன்னு, மொதல்ல பாஷை லிஸ்ட்டைப் பாருங்க. சாம்சங் 2024 ஜனவரியில அதைக் கொண்டு வந்தப்ப 13 பாஷை இருந்துச்சு, ஹிந்தி இருந்துச்சு, தாய்லாந்து பாஷை, வியட்நாம் பாஷை கூட இருந்துச்சு, தமிழ் இல்ல. லிஸ்ட் மாறிட்டே இருக்கும், கடையில வச்சே நம்ம பேச்சை பேசிப் பாத்துட்டு வாங்குங்க.

டீ, டாக்சி, ஹோட்டல், எங்க டாய்லெட்னு கேக்கறது, இதுக்கெல்லாம் தமிழ்லயே பேசுங்க, ஒன்னும் ஆகாது, தப்பா போனா இன்னொரு தடவை கேட்டா போச்சு. பணம் கைமாறற அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஆள் வைங்க. ஈவூ, கெச்சியாவ் பக்கம் நம்ம இந்தியாக்காரங்க ஆபீஸ் போட்டு நிறைய பேரு இருக்காங்க, நான் ரெண்டாவது தடவை ஒரு நாளைக்கு 500 யுவான் குடுத்து கூட்டிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு சீனாக்காரி, இங்கிலீஷ் பேசும். ஒப்பந்தத்தை படிச்ச உடனே மொத வேலையா பேனாவை எடுத்து 定ஐ அடிச்சுட்டு 订ன்னு எழுதி, பக்கத்துலயே கம்பெனிக்காரரை முத்திரை குத்தச் சொல்லுச்சு. அந்தாளு கொஞ்சம் முனகிட்டு குத்திக் குடுத்தாரு. ஆறு தலை, பன்னெண்டு ஊசி, சமிக்கி சாதனம் சேத்து 93,000க்கு முடிஞ்சுது, டெலிவரி தேதி காலண்டர்ல சுத்தி வட்டம் போட்டு.